புதுப்பிப்பு: 512-ஐக் கழித்தும் ஆர்எம்எஸ் பூஜ்யத்துக்கு வரவில்லை

"மின்னழுத்தமே இல்லாதபோதும் ஆர்எம்எஸ் 4 என்று காட்டுகிறது, ஏன்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி, சரியாகிவிட்டது. நடுமட்டம் 512 என்று நினைத்து ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் அதைக் கழித்துக்கொண்டிருந்தேன், உண்மையான நடுமட்டம் 508, அந்த 4 வித்தியாசம்தான் அப்படியே வந்திருக்கிறது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை q-வோடு, வெறும் கூட்டுத்தொகை s-ஐயும் சேர்த்து வைக்கச் சொன்னவரின் வழிதான் வேலை செய்தது, இதில் x என்பது ஒரு மாதிரி:

```
int32_t d = x - 512;
s += d;  q += d*d;
// N = 200
v = (q - s*s/N) / N;
```

v-க்கு வர்க்கமூலம் எடுத்தால் போதும். 512-ஐக் கழிக்கவே வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னது கணக்குப்படி சரிதான், ஆனால் s 1,01,600 ஆகி s*s 32 பிட்டைத் தாண்டிவிடுகிறது. கழித்தால் வெறும் -800. உச்சத்தை 0.707-ஆல் பெருக்கச் சொன்னவருக்கு: என் அலை சைன் இல்லை.

எதிர்பாராதது, ஆர்எம்எஸ் 100 அளவில் இருக்கும்போது இந்தப் பிழை தெரியவே இல்லை, √10016 கிட்டத்தட்ட 100.08தான். அப்புறம், 200 மாதிரிகள் 0.5 மில்லிவினாடி இடைவெளியில் எடுத்தால் 50 ஹெர்ட்ஸில் முழுசாக 5 சுற்று, இல்லையென்றால் அளவு ஆடும். இப்போதும் சில நேரம் 1 காட்டுகிறது, இரைச்சலா என்று பார்க்கிறேன்.