இரண்டு நெடுவரிசைகளுக்கு ஒட்டுறவு 0.94. இதுவே காரணத்துக்குச் சான்றா? (அவசரம்)

வேப்பம்பூ
எங்கள் அலுவலகத் தரவு ஆய்வாளர் ஓர் அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளை எடுத்து ஒட்டுறவு பார்த்திருக்கிறார். 0.94 வருகிறது. "முதலாவது கூடுவதால்தான் இரண்டாவது கூடுகிறது, இதைவிட என்ன சான்று வேண்டும்" என்று அறிக்கையிலும் எழுதிவிட்டார். நாளைக் காலை அதை வைத்து முடிவெடுக்கப் போகிறார்கள். எனக்கு ஏதோ இடிக்கிறது, எது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், 0.94 சரிதான். அவர் சொல்வது நியாயமா?

முதுகணக்கன்
நோயாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு மருந்து கேட்க வந்திருக்கிறீர்கள். எந்த நெடுவரிசைகள் என்றுகூடச் சொல்லவில்லை. போகட்டும், விடை எப்படியும் ஒன்றுதான்: ஒட்டுறவு காரணம் ஆகாது. புள்ளியியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். இங்கே இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

சீரகம்
அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. மொத்தம் எத்தனை வரிசைகள்? முப்பதைத் தாண்டினால் 0.94 என்பது தற்செயலாக வரக்கூடிய எண்ணே அல்ல. பி மதிப்பைப் பாருங்கள், ஏறக்குறைய சுழியமாக இருக்கும். ஆய்வாளர் பக்கம்தான் நியாயம்.

ஒற்றைப்பனை
வேப்பம்பூ, இரண்டு விவரம் வேண்டும். அட்டவணையில் ஒரு வரிசை என்பது எது? ஓர் ஆளா, ஓர் ஊரா, ஒரு மாதமா? அடுத்தது, முதல் நெடுவரிசையில் இருக்கும் எண்ணை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இவை தெரியாமல் 0.94 நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசிப்பலகை
எனக்கும் ஒட்டுறவில்தான் சிக்கல். எக்செலில் `CORREL` போட்டால் `#DIV/0!` என்றே வருகிறது. இதுவும் அந்தக் காரணப் பிரச்சினைதானா?

ஒற்றைப்பனை
கடைசிப்பலகை, அது வேறு. உங்கள் நெடுவரிசைகளில் ஒன்றில் எல்லா வரிசையிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாறாத ஒன்றோடு ஒட்டுறவு கணக்கிட முடியாது.

வேப்பம்பூ
மன்னிக்கவும், கூட்டத்தில் இருந்தேன். முதலாவது விளம்பரச் செலவு, இரண்டாவது ஆர்டர்களின் எண்ணிக்கை. ஒரு வரிசை ஒரு மாதம், மொத்தம் 36 மாதங்கள். இந்த மூன்று ஆண்டுகளில் நிறுவனம் வளர்ந்தது, இரண்டுமே ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன. யார் முடிவு செய்கிறார்கள் என்பதைக் கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்கிறேன்.

சீரகம்
36 மாதங்கள்! நான் சொன்னதேதான். பி மதிப்பு சுழியம்.

ஒற்றைப்பனை
சீரகம், தற்செயலா இல்லையா என்று கேட்பது சரி. ஆனால் அந்தப் பி மதிப்பு ஒவ்வொரு வரிசையும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று நம்பிக்கொண்டு வருவது. மாதங்கள் அப்படியல்ல. வளரும் நிறுவனத்தில் இந்த மாத ஆர்டர் போன மாத ஆர்டரை ஒட்டியே இருக்கும். பெயரளவில் 36 வரிசைகள், உண்மையில் ஒரே ஓர் ஏற்றத்தை 36 துண்டாக நறுக்கி வைத்திருக்கிறோம். ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு பெரிதாகத்தான் வரும். விளம்பரச் செலவுக்குப் பதிலாக அந்த 36 மாதங்களில் உங்கள் கணினியில் சேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கையைப் போட்டாலும் 0.9 வரலாம்.

புள்ளியியலாளர் உட்னி யூல் 1926இல் இதைத்தான் எழுதினார். இங்கிலாந்து, வேல்சில் 1866 முதல் 1911 வரை நடந்த திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவை எத்தனை பங்கு, அதே ஆண்டுகளில் இறப்பு விகிதம் என்ன என்று இரண்டையும் ஒப்பிட்டார். ஒட்டுறவு 0.9512. உங்களுடையதைவிடக் கூடுதல். திருச்சபைத் திருமணம் மக்களைக் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இறங்கிய காலம் அது, அவ்வளவுதான்.

அளவை விடுங்கள், மாற்றத்தைப் பாருங்கள். போன மாதத்தைவிடச் செலவு எவ்வளவு கூடியது, ஆர்டர் எவ்வளவு கூடியது, அவற்றுக்குள் ஒட்டுறவு என்ன என்பதே கேள்வி. பைத்தான் தெரியும் என்றால்:

```
d = df[["spend", "orders"]].diff().dropna()
d["spend"].corr(d["orders"])
```

வேப்பம்பூ
ஆய்வாளரின் கோப்பிலேயே ஓட்டினேன். 0.93 வருகிறது! அப்படியானால் அவர் சொன்னது சரிதானா?

சீரகம்
பார்த்தீர்களா.

முதுகணக்கன்
0.93 வந்தாலும் 0.99 வந்தாலும் ஒட்டுறவு காரணம் ஆகாது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன். நீங்கள் வீணாக நிரல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

தூண்டில்காரன்
முதுகணக்கன் ஐயா, அந்த வாக்கியத்தைத் தாயத்துப் போலக் கட்டிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்கவில்லை. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவு எப்படித் தெரிந்தது? 1950இல் டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் கேட்டு எழுதியது ஒட்டுறவுதானே? யாரையும் சீட்டுக் குலுக்கிப் புகைபிடிக்க வைக்கவில்லையே.

முதுகணக்கன்
அதை எதிர்த்தவர் ரொனால்டு ஃபிஷர். புள்ளியியலுக்கே அடித்தளம் போட்டவர். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு தரலாம் என்றார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?

தூண்டில்காரன்
அவரும் புகைப்பவர்தான், அதை விடுங்கள். அவர் கேள்வியை 1959இல் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் கணக்குப் போட்டே எதிர்கொண்டார்கள். புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்று வையுங்கள். புகை அதற்குக் காரணமல்ல, மறைந்திருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்றால், அந்த ஒன்று புகைக்காதவர்களிடம் இருப்பதைப் போல 9 மடங்காவது புகைப்பவர்களிடம் இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை. வலுவான ஒட்டுறவுக்கு எடை உண்டு ஐயா.

சீரகம்
ஆம், 0.94க்கும் எடை உண்டு.

தூண்டில்காரன்
நான் உங்கள் பக்கம் பேசவில்லை சீரகம். அங்கே 9 மடங்கை விளக்கக்கூடிய மறைகாரணி கிடைக்கவில்லை. இங்கே அது கண்ணெதிரே நிற்கிறது: நிறுவனத்தின் வளர்ச்சி.

ஒற்றைப்பனை
உங்கள் சண்டை நடக்கட்டும். வேப்பம்பூ, அந்த 0.93 எனக்கு நம்பும்படியாக இல்லை. மாத மாற்றங்களில் இரைச்சல் அதிகம். அளவில் 0.94 வந்தது மாற்றத்திலும் அப்படியே நிற்பது அரிது. மாத நெடுவரிசையின் முதல் நான்கு வரிசைகளைக் காட்ட முடியுமா?

வேப்பம்பூ
இதோ:

```
Apr-2021
Apr-2022
Apr-2023
Aug-2021
```

ஒற்றைப்பனை
அதுதான். மாதம் எழுத்தாகச் சேமிக்கப்பட்டு அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. வெறும் ஒட்டுறவுக்கு வரிசைகள் எந்த ஒழுங்கில் இருந்தாலும் ஒரே விடைதான் வரும், அதனால் உங்கள் இருவருக்கும் 0.94 கிடைத்தது, பிழை தெரியவில்லை. ஆனால் `diff()` மேலே இருக்கும் வரிசையைத்தான் கழிக்கும். இங்கே 2022 ஏப்ரலிலிருந்து 2021 ஏப்ரல் கழிகிறது. கழித்து எறிய நினைத்த மூன்றாண்டு ஏற்றம் அப்படியே ஓராண்டுத் துண்டுகளாக உள்ளே வந்துவிட்டது. தேதியாக மாற்றி அடுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கூடவே முன்னும் பின்னும் ஒரு மாதம் தள்ளிப் பாருங்கள்:

```
df["month"] = pd.to_datetime(df["month"], format="%b-%Y")
df = df.sort_values("month")
d = df[["spend", "orders"]].diff().dropna()
d["spend"].corr(d["orders"])
d["spend"].corr(d["orders"].shift(1))
d["spend"].corr(d["orders"].shift(-1))
```

மூன்றாவது வரியில் வருவது மாற்றத்தின் அட்டவணை. அதன் கீழே முதல் எண் அதே மாதம். இரண்டாவது எண், போன மாத ஆர்டரும் இந்த மாதச் செலவும். மூன்றாவது எண், இந்த மாதச் செலவும் அடுத்த மாத ஆர்டரும். ஆய்வாளர் சொல்வது சரி என்றால் முதலாவதோ மூன்றாவதோ பெரிதாக இருக்க வேண்டும். இடையில் விடுபட்ட மாதம் ஏதும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேப்பம்பூ
மாதம் எதுவும் விடுபடவில்லை. 0.15, 0.68, 0.08.

கணக்குப் பிரிவிலும் கேட்டுவிட்டேன். போன மாத விற்பனையில் இத்தனை விழுக்காடு என்றுதான் விளம்பரத்துக்கு ஒதுக்குவார்களாம். அதன்மேல் விளம்பரப் பிரிவினர் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

தூண்டில்காரன்
அப்படியானால் ஆர்டர்தான் விளம்பரச் செலவை உயர்த்துகிறது! வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டியிருக்கிறார் ஆய்வாளர்.

ஒற்றைப்பனை
செலவு ஆர்டரைத் தொடர்கிறது என்று சொல்லலாம், ஏனென்றால் 0.68 மட்டுமல்ல, அப்படித்தான் ஒதுக்குகிறோம் என்று செய்பவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வாய்மொழிதான் எண்ணைவிடப் பெரிய சான்று.

ஆனால் விளம்பரத்தால் பயனே இல்லை என்று அறிக்கையைத் தலைகீழாக எழுதிவிடாதீர்கள். 35 மாற்றங்களில் 0.15 வந்தால் உண்மை −0.2க்கும் 0.46க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். தவிர, செலவு விற்பனையைப் பார்த்தே நகர்வதால், விற்பனையைப் பாராமல் செலவு தானாகக் கூடிய மாதம் இந்த அட்டவணையில் மிகக் குறைவு. கேள்விக்கான விடை இந்தக் கோப்பில் இல்லை.

சீரகம்
மாற்றத்தை மட்டும் பார்த்தால் மெல்ல மெல்ல வேலை செய்யும் விளம்பரம் கண்ணில் படாதே? ஆறு மாதம் கழித்து வாங்க வருகிறவர் இருக்கிறார் அல்லவா?

ஒற்றைப்பனை
இது நல்ல கேள்வி. படாதுதான். நீண்டகால விளைவு, இருந்தால், கழித்து எறிந்த ஏற்றத்துக்குள்ளேயே போயிருக்கும். அதை வளர்ச்சியின் மற்றக் காரணங்களிலிருந்து பிரித்தெடுக்க என்னிடம் இந்தத் தரவில் வழி இல்லை.

முதுகணக்கன்
ஆக, ஒட்டுறவு காரணம் ஆகாது.

தூண்டில்காரன்
ஐயா, அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு 0.93ஐ எப்படிப் பிடித்திருப்பீர்கள்?

முதுகணக்கன்
என் தரவில் மாதங்கள் அகர வரிசையில் இருக்காது.

ஒற்றைப்பனை
வேப்பம்பூ, நாளை கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். நீங்கள் விளம்பரம் செய்யும் பகுதிகளில் பாதியைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கே மட்டும் சில வாரங்கள் விளம்பரத்தை நிறுத்த முடியுமா? விற்பனை குறைவான பகுதிகளாகப் பார்த்து நிறுத்தக் கூடாது, அப்படிச் செய்தால் பழைய கதைதான். நிறுத்திய பகுதிகளிலும் நிறுத்தாதவற்றிலும் ஆர்டர் எப்படி நகர்கிறது என்று ஒப்பிட்டால் போதும்.

வேப்பம்பூ
(மறுநாள்) "சான்று" என்ற வரியை ஆய்வாளரே எடுத்துவிட்டார். அகர வரிசையைக் காட்டியதும் சற்று நேரம் பேசவில்லை. பகுதிகளை நிறுத்திப் பார்க்க விளம்பரப் பிரிவு மறுக்கிறது, இரண்டு பகுதிகள் மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டு போதுமா என்று பிறகு கேட்கிறேன். அனைவருக்கும் நன்றி.

ஒற்றைப்பனை
இரண்டு போதாது. எவை அந்த இரண்டு, யார் தேர்ந்தெடுத்தார்கள்?

கடைசிப்பலகை
எனக்கு வந்தது அதேதான். நெடுவரிசை முழுக்க சுழியம்.