புதுப்பிப்பு: தேக்குப் பலகையில் ‘ண’ சுழி உடைந்த விவகாரம்

முன்பு கேட்டது: “தேக்கில் ‘கண்ணம்மா இல்லம்’ வெட்டுகிறேன். 50 மி.மீ. எழுத்து, 60 டிகிரி வி-பிட். ‘ண’ சுழிக்குள் நிற்கும் மரம் மட்டும் பெயர்ந்து வருகிறது. ஏன்?”

ஆழத்தைக் குறைக்கச் சொன்னவர் பாதி சரி. பிட்டின் முனை ‘V’ வடிவம் என்பதால், அதே பிட்டில் ஆழத்தை மட்டும் குறைத்தால் கோடும் மெலிந்துவிடும். 6 மி.மீ. கோட்டுக்கு 60 டிகிரி பிட் 5.2 மி.மீ. இறங்குகிறது, 90 டிகிரி பிட்டுக்கு 3 மி.மீ. போதும். பிட்டை மாற்றியாயிற்று.

உண்மைக் காரணத்தைப் பிடித்தவர் செதுக்கு வேலை தெரிந்தவர். சுழிக்குள் நின்ற மரம் 3 மி.மீ. அகலம்தான், ரேகை குறுக்கே அறுபட்டதால் பிடிமானமே இல்லை. அவர் சொன்னபடி கோட்டை 5 மி.மீ. ஆக்கி, சுழியின் உள்ளிடத்தை 6 மி.மீ.க்கு விரித்தேன். ஆழம் 2.5 மி.மீ. ஆனது. ஒரு சுழிகூட உடையவில்லை. தடித்த எழுத்துரு இந்த அளவு எழுத்துக்கு ஆகாது, அவ்வளவுதான்.

புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே 4 மி.மீ. விட்டேன். ‘ல்ல’ நெருங்கித் தெரிந்தது. அளவுகோலை விட்டுக் கண்ணால் பார்த்துத் தள்ளினேன்.

பித்தளையில் வெட்டியவர் சொன்ன, எழுத்துப் பள்ளத்தில் பெயின்ட் நிரப்பும் யோசனை இங்கே அப்படியே செல்லாது: மரத்தில் முதலில் சீலர் அடிக்காவிட்டால் பெயின்ட் ரேகை வழியே பரவும். வெயில் படும் சுவரில் 2.5 மி.மீ. ஆழம் தரும் நிழல் எழுத்து தெரியப் போதுமா என்பதை இன்னும் பார்க்கவில்லை.