காலையில் தண்ணீர் வரும்போதே டிரை ரன் டிரிப் ஆகுது

ஈரமண்: போர்வெல்லில் 5 எச்பி 3 பேஸ் சப்மெர்சிபிள், சோலார் டிரைவ். வெயில் ஏறும் நேரத்தில் குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே டிரை ரன் காட்டி நின்றுவிடுகிறது. அப்போது டிஸ்பிளேயில் 34 ஹெர்ட்ஸ், 5.4 ஆம்ப். உச்சிவெயிலில் 50 ஹெர்ட்ஸ், 8.2 ஆம்ப். டிரை ரன் செட்டிங் 6.5 ஆம்ப்.

சூரியகாந்தி: பேனல் பத்தல. ரெண்டு சேர்த்துப் போடுங்க.

பழைய வயர்: பேனல் எதுக்கு? செட்டிங்கை 5 ஆம்புக்கு இறக்குங்க, டிரிப் நிக்கும்.

வைண்டிங் மேசை: டிரிப் நிக்கும், சரிதான். ஆனா போர்ல தண்ணி வத்துனா 50 ஹெர்ட்ஸ்லயும் சுமார் 5.8 ஆம்ப் இழுக்கும். தண்ணியே தூக்கலைன்னாலும் காந்தப்புலத்துக்கான கரண்ட் போயிட்டேதான் இருக்கும். 5-ல வெச்சா நிஜமா வறண்டு ஓடும்போது டிரைவுக்குத் தெரியாது, தண்ணியில ஓடவேண்டிய த்ரஸ்ட் பேரிங் தேஞ்சுடும்.

வெயிலுக்குத் தக்க டிரைவ் வேகத்தை மாத்துது. வேகம் குறைஞ்சா பம்போட சுமை அதைவிட வேகமா விழும்: 50-ல இருந்து 35 ஹெர்ட்ஸுக்கு வந்தா பவர் ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். அதனால ஆம்பை மட்டும் பார்த்து காலை வெயிலையும் வறண்ட போரையும் பிரிக்க முடியாது, ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாக்கணும். மேகம் மறைச்சா ஹெர்ட்ஸும் ஆம்பும் சேர்ந்து இறங்கும். தண்ணி வத்துனா ஹெர்ட்ஸ் உச்சியிலயே நிக்கும், ஆம்ப் மட்டும் விழும், டிசி வோல்டேஜ் ஏறும்.

6.5-ஐத் தொடாதீங்க. டிரை ரன் சோதனை 45 ஹெர்ட்ஸுக்கு மேலதான் நடக்கணும்னு வையுங்க, தாமதம் 10 செகண்ட். உங்க போர்ல எந்த ஹெர்ட்ஸ்ல தண்ணி வெளிய வர ஆரம்பிக்குதுன்னு பார்த்து, குறைந்தபட்ச வேகத்தை அதுக்குக் கொஞ்சம் மேல வையுங்க. அதுக்குக் கீழ சுத்துறது உள்ள இருக்கிற தண்ணியைச் சூடாக்கத்தான்.

பழைய வயர்: அப்போ 45-க்குக் கீழ வத்துனா?

வைண்டிங் மேசை: ஆம்ப் வழியா பாதுகாப்பு இல்லைதான். அதுக்கு போருக்குள்ள லெவல் எலெக்ட்ரோட் இறக்கணும், வேற வழி தெரியல.

கிணத்துமேடு: எனக்கு மேல இருக்கிற மோனோபிளாக். புட்வால்வ் கசிஞ்சு, தினமும் காலையில இதே டிரிப். அதையும் பாருங்க.

வைண்டிங் மேசை: அவருது சப்மெர்சிபிள், புட்வால்வே கிடையாது.

ஈரமண்: 45 ஹெர்ட்ஸ் வைத்தேன், காலை டிரிப் நின்றுவிட்டது. இன்று மதியம் மட்டும் 50 ஹெர்ட்ஸ், 5.9 ஆம்பில் நின்றது, மேகமில்லை. 2 நிமிடத்தில் தானாக ஓடி, மறுபடி நின்றது.

வைண்டிங் மேசை: அது நிஜ வறட்சி. 2 நிமிஷத்துல போர் ஊறாது. ரீஸ்டார்ட் நேரத்தை 30 நிமிஷமாக்குங்க, அப்பவும் ஓடின உடனே நின்னா இன்னும் கூட்டுங்க.

ஈரமண்: எலெக்ட்ரோடை பம்புக்கு எவ்வளவு மேலே தொங்கவிடுவது?