புதுப்பிப்பு: 9,60,000 சம்பளத்துக்கு வரி பூஜ்யம்

முன்பு கேட்டது: "ஆண்டுச் சம்பளம் 9,60,000. 2025-26 நிதியாண்டுக்கு வருமான வரி எவ்வளவு கட்டணும்?"

அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு பழைய கவரின் பின்புறத்தில் போட்டுக் காட்டினார். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 8,85,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. மீதி 85,000-க்கு 10 சதவீதம், 8,500. ஆக 28,500. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடி அதை முழுதாக விழுங்கிவிடுகிறது.

"12 லட்சம் வரை வரியே கிடையாது, ரிட்டர்னும் வேண்டாம்" என்ற நண்பர் பாதி சரி. வரி விழுந்து, பிறகுதான் தள்ளுபடியாகிறது. வருமானம் 4 லட்சத்துக்கு மேல் என்பதால் ரிட்டர்ன் போட்டே ஆகணும்.

பங்கு விற்ற லாபத்தைப் பற்றிக் கேட்ட தம்பி, அந்த வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாதாம். வாங்கிய தேதி, விற்ற தேதி சொல்லுங்கள், அக்காவிடம் கேட்கிறேன்.