டிரை ரன்னுக்குத் தமிழில் என்ன? கோப்பு நகல் கையேட்டுக்கு ஒரு கலைச்சொல்

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் எங்கள் தன்னார்வலர் குழுவுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கங்களின் படங்கள் வெளிவட்டில் சேரும். அங்கிருந்து rsync அவற்றைச் சேவையகத்துக்கு நகலெடுக்கும். கூடவே --delete என்ற விருப்பமும் உண்டு. வட்டில் இல்லாத கோப்பு சேவையகத்தில் இருந்தால் அது அழிக்கப்படும். அதனால்தான் கையேட்டில் இப்படி ஒரு வரி: “முதலில் டிரை ரன் செய்யுங்கள், லாகைப் படியுங்கள், பிறகே உண்மையில் ஓட்டுங்கள்.”

டிரை ரன், லாக் என்ற இரண்டு சொற்களும் முட்டுகின்றன. முதல் வரைவில் “உலர் ஓட்டம்” என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு தம்பி, “வெளிவட்டு நனைந்துவிட்டால் மட்டும் இதைச் செய்தால் போதுமா அக்கா?” என்று கேட்டான். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

முருகேசன் எழுதியது:

இதற்குப் புதுச்சொல் எதற்கு? வெள்ளோட்டம் என்று அருமையான சொல் கையில் இருக்கிறது. புதுத் தேர் செய்தால் சுவாமியை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சரியாக உருள்கிறதா, தெருமுனையில் தேர் திரும்புகிறதா என்று அதில் தெரிந்துவிடும். வெள்ளோட்டம் நன்றாக முடிந்தால் தேரோட்டமும் நன்றாக முடியும். உங்கள் rsync விஷயமும் இதேதான். லாக் என்பதற்குப் பதிவேடு. கையேட்டை அச்சுக்கு அனுப்புங்கள்.

வசந்தா எழுதியது:

நான் கணினிக்காரி இல்லை, பள்ளி ஆசிரியை. பல முறை தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். செல்வி கேட்பது எங்களுக்குப் பழகிய விஷயம்தான். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். குறைந்தது 50 வாக்குகளாவது போட வேண்டும். எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று காட்டிவிட்டு, இயந்திரத்தில் உள்ளதை அழித்து, ஒப்புகைச் சீட்டுகளையும் வெளியே எடுத்துவிடுவோம். பிறகு சான்றில் கையெழுத்து. எனவே “மாதிரி ஓட்டம்” என்று சொல்லலாமே? மாதிரிக் கோப்புகள் பத்து இருபதை நகலெடுத்துப் பார்ப்பதுதானே இதுவும்?

அந்தக் கையெழுத்திட்ட தாள்தான் உங்கள் லாக் என்று நினைக்கிறேன். தாள் இல்லையென்றால் மாதிரி வாக்குப்பதிவு நடந்தது என்பதற்கு என் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்.

நாச்சியப்பன் எழுதியது:

வசந்தா அம்மா சொன்ன தாள் விஷயம் மிகச் சரி. ஆனால் மாதிரி வாக்குப்பதிவில் 50 வாக்குகள் உண்மையிலேயே பதிவாகின்றன, பிறகுதான் அழிக்கிறோம். வெள்ளோட்டத்திலும் தேர் உண்மையிலேயே வீதியில் ஓடுகிறது. rsyncஇல் டிரை ரன்னுக்கான விருப்பம் -n. அது அப்படியல்ல. அது மாதிரிக் கோப்பு எதையும் எடுப்பதில்லை. உங்கள் உண்மையான வட்டையும் உண்மையான சேவையகத்தையும் ஒப்பிட்டு, “இதை அனுப்புவேன், இதை அழிப்பேன்” என்று வாயால் மட்டும் சொல்கிறது. ஒரு கோப்பையும் தொடுவதில்லை. கோப்புறையைப் பிரதி எடுத்து அதன் மேல் ஓட்டிப் பார்க்கிறீர்களே, அதுதான் வெள்ளோட்டம். இரண்டும் வேறு வேலைகள், எனவே இரண்டு சொற்கள் வேண்டும்.

நான் சென்ற ஆண்டு பட்ட பாட்டைச் சொல்கிறேன். சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும். HFS+ முறையில் அமைத்த வெளிவட்டு, ஆப்பிள் கணினியில் செருகியிருந்தது. அதில் 412 படங்கள். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் கணினி வழியாக ஏற்கெனவே சேவையகத்துக்குப் போனவை. புதிதாகச் சேர்ந்தவை ஐந்து மட்டும்தான்.

```
rsync -rtin --delete /Volumes/vattu/itazh/ seva:/itazh/ > n1.txt
grep -c '^<f+++' n1.txt
grep -c '^\*deleting' n1.txt
```

ஐந்தும் பூச்சியமும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை 68, 63. அறுபத்து மூன்று கோப்புகளை அழிக்கப்போவதாகச் சொல்கிறது! லாகைத் திறந்தால் இப்படி இருந்தது:

```
*deleting   தொகுதி-03-021.tif
<f+++++++++ தொகுதி-03-021.tif
```

ஒரே பெயர். அதையே அழிக்கிறது, அதையே புதிதாக அனுப்புகிறது. அழியும் பட்டியல் முழுக்க “தொகுதி” என்று தொடங்கும் பெயர்கள். “இதழ்”, “அட்டை” என்று தொடங்குபவை ஒன்றுகூட இல்லை. அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. ஒருங்குறியில் “ொ” என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், “ெ”யும் “ா”வும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். முதலாவது மூன்று பைட், இரண்டாவது ஆறு பைட். HFS+ பெயர்களைச் சேமிக்கும்போது பிரித்துவிடுகிறது. சேவையகத்தின் ext4 கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு ஒரே சொல், rsyncக்கு இரண்டு. ொ, ோ, ௌ வரும் பெயர்களுக்கும் “ஔ” வரும் பெயர்களுக்கும் மட்டுமே இந்தச் சிக்கல்.

உண்மையில் ஓட்டியிருந்தால் படங்கள் தொலைந்திருக்காது. ஆனால் இணைய அட்டவணையில் பழைய பைட் வரிசையில் இருந்த 63 இணைப்புகளும் அறுந்திருக்கும். பெயர் திரையில் சரியாகவே தெரியும் என்பதால் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போயிருக்கும். தீர்வு இது:

```
rsync -rtin --delete --iconv=utf-8-mac,utf-8 /Volumes/vattu/itazh/ seva:/itazh/ > n2.txt
```

ஆப்பிளோடு கூடவே வந்த பழைய 2.6.9 பதிப்புக்கு --iconv தெரியாது. பதிப்பு 3 வேண்டும். மறுபடி எண்ணினேன். ஐந்து, பூச்சியம்.

இன்னொன்று. இதையே கிரான் வழியாக ஓட்டினால் தமிழ்ப் பெயர்கள் லாகில் `\#340\#256\#225` என்பதுபோல் வரும். பயப்பட வேண்டாம், அது “க”. மொழி அமைப்பு இல்லாத இடத்தில் rsync அப்படித்தான் எழுதும். -8 சேர்த்தால் தமிழிலேயே எழுதும். படிக்க முடியாத லாகை யாரும் படிக்கமாட்டார்கள்.

முருகேசன் எழுதியது:

வெள்ளோட்டம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒத்திகை. “ஒத்திகை பார்” என்று பொத்தானில் போட்டால் எவருக்கும் புரியும். ஒத்திகையில் 5, 0 என்று வந்துவிட்டால் அரங்கேற்றத்தைப் பற்றிக் கவலையில்லை என்பது என் கருத்து. அதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நாச்சியப்பன் எழுதியது:

அதைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும், முருகேசன். -n எதையும் எழுதிப் பார்ப்பதில்லை. சேவையகத்தில் இடம் இருக்கிறதா, அந்தக் கோப்புறையில் எழுத உங்களுக்கு அனுமதி உண்டா என்பது அதற்குத் தெரியாது. 5, 0 என்று பார்த்துவிட்டு, இரண்டாவது படத்திலேயே வட்டு நிரம்பி நின்றதையும் கண்டிருக்கிறேன்.

எனவே உண்மை ஓட்டத்துக்கும் லாக் வேண்டும்:

```
rsync -rti --delete --iconv=utf-8-mac,utf-8 /Volumes/vattu/itazh/ seva:/itazh/ > u2.txt 2> pizhai.txt
echo $?
diff n2.txt u2.txt
```

இடையில் யாரும் கோப்புகளில் கைவைக்காமல் இருந்தால் n2, u2 இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. ஆனால் diff ஒன்றும் காட்டவில்லை என்பதால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. -i தரும் வரி கோப்பு புறப்படும் முன்பே அச்சாகிவிடுகிறது. அதனால்தான் நிரல் முடியும்போது தரும் எண்ணான `$?` பார்க்கிறோம். பூச்சியம் என்றால் சரி. 23 என்றால் சில கோப்புகள் போகவில்லை, pizhai.txt பாருங்கள்.

கடைசியாக நான் செய்வது, -n போட்டு இன்னொரு முறை ஓட்டுவது. இம்முறை -c சேர்த்து, தேதியையும் அளவையும் நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்வேன். ஒரு வரியும் வராமல் முடிந்தால்தான் வெளிவட்டைக் கழற்றுவேன்.

இதனால்தான் ஒத்திகை என்ற சொல் எனக்கு இடிக்கிறது. அரங்கேற்றம் முடிந்த பிறகு யாராவது ஒத்திகை பார்ப்பார்களா? முன்னோட்டம் என்றாலும் அதே சிக்கல். “முன்” என்பதே சொல்லில் வரக் கூடாது. என் பரிந்துரை “தொடா ஓட்டம்”.

கோகிலா எழுதியது:

நான் விண்டோஸில் robocopy பயன்படுத்துகிறேன். அங்கே இதற்கு /L. பட்டியல் மட்டும் போடு என்று பொருள். பவர்ஷெல்லில் -WhatIf. make நிரல் இதையே வெறுமனே அச்சிடு என்கிறது. Apt-get பாவனை செய் என்கிறது. ஆங்கிலத்திலேயே ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கும்போது நாம் மட்டும் ஒரே சொல்லில் ஏன் சிக்கிக்கொள்ள வேண்டும்? பொத்தானில் “என்னாகும்?” என்று கேள்வியாகவே போடலாம். ஓட்டுவதற்கு முன்னும் கேட்கலாம், பின்னும் கேட்கலாம். “ஒன்றும் ஆகாது” என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

விண்டோஸ் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. robocopy பூச்சியத்தைத் தவிர வேறு எண் தந்தால் உடனே பிழை என்று நினைக்காதீர்கள். நகலெடுத்து நன்றாக முடிந்தாலே 1 தரும். 8 அல்லது அதற்கு மேல் என்றால்தான் தோல்வி. இது தெரியாமல் ஒரு மாதம் என் ஸ்கிரிப்ட் தினமும் “தோல்வி” என்று அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. நானும் தினமும் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முருகேசன் எழுதியது:

“தொடா ஓட்டம்” என்றால் தொட்டாற்சுருங்கி நினைவுக்கு வருகிறது. எனக்கு ஒத்திகைதான் பிடித்திருக்கிறது. $? விஷயத்துக்கு நன்றி, அதை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

செல்வி எழுதியது:

பொத்தானுக்கு “என்னாகும்?” என்று வைத்துவிட்டேன். கையேட்டில் பெயர்ச்சொல் தேவைப்படும் இடங்களில் “தொடா ஓட்டம்”. பிரதியின் மேல் ஓட்டிப் பார்ப்பதற்கு “வெள்ளோட்டம்”. முருகேசன் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லாக்தான் இன்னும் நிற்கிறது. பதிவேடு என்றால் எங்கள் குழுவில் வருகைப் பதிவேட்டைத்தான் நினைக்கிறார்கள். பதிவு என்றால் வலைப்பதிவை. வசந்தா அம்மாவின் தாளை நினைத்து “சான்றுக் குறிப்பு” என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் வரி புறப்படும் முன்பே அச்சாகிறது என்று நாச்சியப்பன் ஐயா சொன்ன பிறகு அதைச் சான்று என்று சொல்லவும் கை வரவில்லை. இப்போதைக்கு லாக் என்றே விட்டிருக்கிறேன். வேறு ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.