கவினுக்கு டேப் (பெரிய வீட்டுக் குடும்பம் குழு)

கீதா அக்கா: கவின் பிறந்தநாளுக்கு டேப் வாங்கணும். டவுன்ஹால் ரோட்டுக் கடையில சாம்சங் டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ ரெண்டையும் காட்டுறாங்க. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஹேங் ஆகாம ஓடணுமாம். ரெண்டு மூணு வருஷமாச்சும் உழைக்கணும்.

முருகேசன் மாமா: ரெட்மி எடும்மா. 11 இன்ச், 90 ஹெர்ட்ஸ். வழுக்கிட்டு ஓடும்.

பிரபு: மாமா, 90 ஹெர்ட்ஸ்னா நொடிக்கு 90 தடவை ஸ்கிரீன் படத்தை மாத்தும், அவ்வளவுதான். படத்தை வரைஞ்சு குடுக்கிறது சிப். ரெட்மியில ஸ்னாப்டிராகன் 680, சாம்சங்ல ஹீலியோ ஜி99. கேமுக்கு ஜி99தான் வலு. ரெட்மி ஸ்கிரீன் 1920க்கு 1200 புள்ளி, சாம்சங் 1340க்கு 800, பாதிகூட இல்ல. வலு கம்மியான சிப் பெரிய ஸ்கிரீனுக்கு வரையணும். மெனு தள்ளும்போது ரெட்மி நல்லா இருக்கும், நாலு பேர் சேந்து சுடுற இடத்துல திக்கும்.

செல்வி சித்தி: எங்க டேப்ல சீரியலே சுத்திக்கிட்டு நிக்குது பிரபு

பிரபு: அது வைஃபை சித்தி. மாடி ரூம்ல உக்காராதீங்க.

கீதா அக்கா: அப்ப சாம்சங்கா?

பிரபு: அதுலயும் கடைக்காரர் சொல்றது 4 ஜிபி ரேம், 64 ஜிபிதானே? சிஸ்டமே ஒரு பங்கை எடுத்துக்கும். பிஜிஎம்ஐ மேப்பெல்லாம் இறக்கினா பல ஜிபி போயிரும். மெமரி கார்டு போட்டாலும் பெரிய கேம் பெரும்பாலும் அங்க போகாது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தாராளமா ஓடும். பிஜிஎம்ஐயில கிராபிக்ஸை ஸ்மூத்ல வச்சு ஆடச் சொல்லு.

முருகேசன் மாமா: ஒரு வருஷம் வாரண்டி இருக்குல்ல, அப்புறம் என்ன

அய்யனார் அண்ணன்: மாமா வாங்கிக் குடுத்த டிவி ஞாபகம் இருக்கா 😂

முருகேசன் மாமா: அதை இப்ப எதுக்குடா இழுக்கிற

பிரபு: வாரண்டி ரிப்பேருக்கு மாமா. அக்கா கேக்குறது அப்டேட். அந்தக் கணக்கு நீ வாங்குற நாள்ல ஆரம்பிக்காது, மாடல் வந்த நாள்ல இருந்து ஓடுது. ரெண்டுமே 2023ல ஆண்ட்ராய்டு 13ஓட வந்தது, பாதிக் காலம் கடையிலயே போயிருச்சு. கடையில செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாரு. அப்டேட் போட்டதுக்கப்புறமும் பழைய தேதியே நின்னா அதை எடுக்காத. அப்டேட் நின்னாலும் கேம் ஓடும், ஆனா அதுல பேங்க் ஆப் வைக்காத.

கீதா அக்கா: அவனுக்கு எதுக்கு பேங்க்

பிரபு: கேம்ல காசு கட்டுறானே, அதான். இன்னொண்ணு, கடையில டெமோ பீஸ்ல இருபது நிமிஷம் ஆடிப் பாக்கச் சொல்லு. சூடாகித் திக்குறது அப்பதான் தெரியும்.

அய்யனார் அண்ணன்: கடைக்காரர் விடுவாரா

செல்வி சித்தி: ஞாயித்துக்கிழமை பாண்டி கோவில் கெடாவெட்டுக்கு யார் யார் வர்றீங்க? வேன் சொல்லணும்

அய்யனார் அண்ணன்: நாங்க நாலு பேரு

முருகேசன் மாமா: கெடா எத்தனை கிலோ தேறும்?

கீதா அக்கா: சித்தி நாங்க மூணு. பிரபு, அதே சாம்சங்ல 8 ஜிபி, இல்ல போன வருஷம் வந்த மாடல் ஏதாச்சும் இருந்தா? ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் இவர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்.

பிரபு: புது மாடல்னா அப்டேட் அத்தனை வருஷம் கூட வரும். சிப் பேரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துச் சொல்றேன்.

முருகேசன் மாமா: ஞாயித்துக்கிழமை நேர்ல பேசுவோம். அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துராதம்மா.