புதுப்பிப்பு: சந்திரயான் பத்திக்கான சொற்பொருள், எதிர்ச்சொல் கேள்விகள்

முன்பு கேட்டது: “பத்தாம் வகுப்புக்கு ஒரு செய்திப் பத்தி வேண்டும், பொருளும் எதிர்ச்சொல்லும் கேட்கிற மாதிரி. எப்படி அமைப்பது?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் நின்ற பத்தி இது:

“2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவின் தென்துருவத்துக்கு அருகே மென்மையாகத் தரையிறங்கியது. 2019இல் கண்ட தோல்வியால் துவளாத அறிவியலாளர்கள் இவ்வெற்றியைப் பெற்றனர்.”

நிலவுக்குப் பொருள் கேட்டு மதி, திங்கள், பரிதி, புவி என்று நான்கு விடை வைக்கலாம் என்றார் ஒரு தம்பி. சொற்கள் சரிதான், ஆனால் மதி, திங்கள் இரண்டுமே விடை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா திங்களை எடுத்துவிட்டு முகில் வைக்கச் சொன்னார். அப்புறம் அவரே இன்னொன்றும் காட்டினார்: தோல்விக்கு எதிர்ச்சொல் கேட்டால் வெற்றி அதே வாக்கியத்திலேயே கிடக்கிறது. அதனால் அதை ‘பத்தியிலிருந்து எடுத்தெழுதுக’ என்று மாற்றிவிட்டேன். ‘துவளாத’வுக்குப் பொருள் சோர்வடையாத, அதை அந்த இடத்தில் போட்டுப் படித்தாலும் வாக்கியம் அப்படியே ஓடுகிறது. பொருள் கேள்விக்கு இந்தச் சோதனையே போதும்.

 

‘மென்மை’யின் எதிர்ச்சொல் மட்டும் இன்னும் இழுபறி. நான் வன்மை என்கிறேன். கடினம் என்று எழுதினாலும் மதிப்பெண் தரலாம் என்கிறார் தம்பி. அம்மா இரண்டுக்கும் தலையாட்டவில்லை.